பினாங்குக்குக் காரில் போகிறீர்களா? எண்ணெய்க் காசை மட்டும் நாலாகப் பிரித்தால் கார்க்காரருக்கு நஷ்டம்

கோலாலம்பூரிலிருந்து நான்கு நண்பர்கள் பினாங்குக்குக் கிளம்புகிறீர்கள். கார் ஒருவருடையது, செலவு பொது. "ஆளுக்கு எவ்வளவு?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கிறார். பெரும்பாலும் அதே நிமிடத்தில் ஒரு தொகை வந்து விழும். அந்தத் தொகை எப்படித் தப்பாகப் போகிறது என்று பார்ப்போம்.

1.5 மைவியை எடுத்துக்கொள்வோம். விளம்பரக் கணக்குப்படி லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அது ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில் கிடைத்த எண். நீங்களோ ஏர்கோனைப் போட்டு, நான்கு பேரோடும் பைகளோடும் 110-இல் ஓட்டப் போகிறீர்கள். இரண்டும் ஒன்றாகாது. உங்கள் காரின் உண்மையான மைலேஜை நீங்களேதான் அளக்க வேண்டும்.

அது சுலபம்தான். எண்ணெய் நிலையத்தில் நோசில் தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை முடிந்தால் அதே பம்பில், மறுபடியும் முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ரசீதில் 28 லிட்டர், டிரிப் மீட்டரில் 420 கிலோமீட்டர் என்றால், 420-ஐ 28-ஆல் வகுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர். 'டக்' நின்ற பிறகும் ரவுண்டாகக் காசு வர இன்னும் கொஞ்சம் அழுத்துகிற பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். டாஷ்போர்ட் காட்டும் சராசரியையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

இரண்டு அளவுகள் கிடைத்தால் அவற்றைக் கூட்டிப் பாதியாக்காதீர்கள். ஊருக்குள் 180 கிலோமீட்டர் 12 வீதமும், நெடுஞ்சாலையில் 180 கிலோமீட்டர் 18 வீதமும் ஓடியதாக வைத்துக்கொள்வோம். சராசரி 15 என்று தோன்றும். ஆனால் குடித்த எண்ணெய் 15 லிட்டர், 10 லிட்டர், ஆக 25. 360-ஐ 25-ஆல் வகுத்தால் 14.4 தான். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி.

இப்போது பயணத்துக்கு வருவோம். போக வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். தீவுக்குள் சுற்றுவதற்கு 60 சேர்த்தால் 760. லிட்டருக்கு 15 வீதம் கிட்டத்தட்ட 51 லிட்டர். மானிய விலை ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்றால் 101 ரிங்கிட். ஆனால் 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் மானியம் காருக்கு அல்ல, எண்ணெய் போடுபவரின் மைகார்டுக்கு. மானியமில்லா விலை 2.60 என்று வைத்தால் அதே 51 லிட்டருக்கு 132 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். யார் இறங்கி எண்ணெய் போடுவது, அவருக்கு அந்த மாத ஒதுக்கீடு மீதி இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். விலையையும் அந்த வாரத்து அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

டோல்தான் பலர் குறைத்துப் போடும் பகுதி. ஜாலான் டூத்தாவில் ஏறி ஜூருவில் இறங்க பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 35.50 ரிங்கிட். போக வர 71. பினாங்குப் பாலத்துக்கு 5.74 ரிங்கிட், அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும், திரும்பும்போது கிடையாது. ஆக, கிட்டத்தட்ட 77. நீங்கள் பிளஸ் வரை வருவதற்கே வேறு டோல் நெடுஞ்சாலை வழியாகத்தான் வர வேண்டும் என்றால் அது தனி. பண்டிகைக் காலத்தில் டோல் இலவசம் என்ற பழைய நினைப்பும் வேண்டாம். 2025 சீனப் புத்தாண்டிலிருந்து முழு இலவசம் போய்ப் பாதிக் கழிவு வந்தது, அதுவும் அறிவிக்கும் நாள்களுக்கு மட்டும்தான்.

கார் நிறுத்தக் கட்டணம் ஒரு குத்துமதிப்புதான். ஜோர்ஜ்டவுன் சாலையோர இடங்களுக்குக் கைப்பேசிச் செயலியில் கட்டுவது மலிவு. ஹோட்டலிலும் பேரங்காடியிலும்தான் காசு ஏறும். அறை பதிவு செய்யும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டு நாளுக்கு 30 ரிங்கிட் வைப்போம்.

101, 77, 30. மொத்தம் 208. ஆளுக்கு 52.

அந்த வாட்ஸ்அப் தொகை எப்படி வந்திருக்கும்? 700 கிலோமீட்டர், லிட்டருக்கு 21, எண்ணெய் 66 ரிங்கிட். பிளஸ் டோல் 71. மொத்தம் 137, ஆளுக்கு 34. மூன்று பேர் கொடுப்பது 102. மீதி 106 ரிங்கிட் சத்தமில்லாமல் கார்க்காரர் தலையில் விழும். மற்றவர்கள் கொடுத்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! டயர் தேய்மானமும் சர்வீசும் இதில் சேரவே இல்லை.

கிளம்பும் முன் நிரப்பிய அதே நிலையத்தில், திரும்பி வந்ததும் 'டக்' வரை நிரப்புங்கள். வழியில் போட்ட எண்ணெய் ரசீதுகளோடு இதையும் கூட்டினால், மதிப்பீடு அல்லாத உண்மைச் செலவு கையில் இருக்கும். டச் அண்ட் கோ செயலியில் உள்ள டோல் பட்டியலோடு அதைக் குழுவில் போட்டுவிட்டுப் பிறகு காசைப் பிரித்துக்கொள்ளலாம்.