பக்கத்தில் நிற்கிறாயா?

2018 மே மாதம் இளவரசர் ஹாரியின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அரண்மனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேகன் மார்க்கலுக்கு 'மெயிட் ஆஃப் ஆனர்' கிடையாது. மணப்பெண்ணுக்கு நெருக்கமான தோழிகள் பலர், அவர்களில் ஒருத்தியை மட்டும் பிரித்து எடுக்க அவருக்கு மனமில்லை என்று காரணமும் சொன்னார்கள். உலகமே பார்த்த கல்யாணத்தில் அந்த ஒரு இடம் காலியாகவே இருந்தது.

மேற்கத்தியக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குத் தலைமைத் தோழியும் மணமகனுக்கு 'பெஸ்ட் மேன்' என்கிற தோழனும் பக்கத்தில் நிற்பார்கள். யாழ்ப்பாணத்து இந்துத் திருமணத்திலும் மாப்பிள்ளைத் தோழன் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் பெண்ணின் சகோதரன்தான் அந்த இடத்தில் நிற்பான். உறவுமுறையே ஆளை முடிவு செய்துவிடுவதால் யாரும் யாரையும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மணமக்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் வாய் திறந்து கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் பலர் திணறுகிறார்கள்.

என்ன கேட்கிறோம் என்பது முதலில் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். புகைப்படத்தில் பார்த்தால் தோழி பூச்செண்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான் தெரியும். உண்மையில் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஆடை தேடக் கூட அலைய வேண்டும். கல்யாணத்துக்கு முன் தோழிகள் கூடும் 'ஹென் பார்ட்டி'யை நடத்த வேண்டும். அன்றைக்கு உறுதிமொழி சொல்லும் நேரத்தில் பூச்செண்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் இழுபடும் அந்த வெள்ளை கவுனின் வால் இருக்கிறதே, சடங்கு முடிந்ததும் அதைத் தூக்கி, மடித்து, உள்பக்கம் இருக்கும் சின்னச் சின்னக் கொக்கிகளில் மாட்டிவிட்டால்தான் மணப்பெண் நடனமாட முடியும். எந்தக் கொக்கி எந்த வளையத்தில் மாட்டும் என்பதைத் தையல்கடையில் கடைசி அளவு பார்க்கும்போதே தோழி கூடப் போய்க் கற்றுக்கொண்டு வந்துவிடுவது நல்லது. அன்றைக்குக் குனிந்து தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இங்கிலாந்தில் திருமணம் சட்டப்படி செல்ல இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவராகத் தோழியே இருப்பது சகஜம்.

செலவு தனிக் கதை. இங்கிலாந்தில் தோழியின் ஆடைக்குப் பெரும்பாலும் மணப்பெண் வீடே பணம் கொடுத்துவிடும். அமெரிக்காவில் தோழியே தன் கைக்காசைப் போட்டு வாங்குவதுதான் வழக்கம். பயணமும் விருந்தும் அதற்கு மேல். 2011-ல் வந்த 'பிரைட்ஸ்மெயிட்ஸ்' படம் முழுக்க இந்தப் புண்ணைத்தான் தொடுகிறது. நாயகி ஆனியின் கேக் கடை மூடிப்போய்விட்டது, கையில் காசில்லை. சின்ன வயதுத் தோழி லில்லியன் தலைமைத் தோழியாக இருக்கச் சொல்லிக் கேட்கிறாள், இவளும் சரி என்கிறாள். பணத்தைப் பற்றி இருவரும் மூச்சு விடுவதில்லை. பிறகு விலை உயர்ந்த துணிக்கடை, விமானப் பயணம் என்று ஒவ்வொன்றாக வரும்போது ஆனி மறைத்துச் சமாளிக்கிறாள். மற்றவர்கள் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் சாதாரண வகுப்பில் போகிறாள். நட்பு முறியும் அளவுக்குப் போகிற அந்தச் சண்டையில் பாதியை, கேட்ட அன்றைக்கே ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இப்போது செய்தியை எழுதிப் பார்க்கலாம். லண்டனில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண் ஆங்கிலேயர் ஒருவரை தேவாலயத்தில் மணக்கப்போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியிலிருந்து உடன் வந்த தோழி மான்செஸ்டரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. முதலில் மணப்பெண் எழுதியது இது: "நீ இல்லாம என் கல்யாணமே இல்லை. நீதான் என் மெயிட் ஆஃப் ஆனர், முடியாதுன்னு சொல்லவே கூடாது!"

அன்பு பொங்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் படிக்கிறவளுக்கு மூச்சு முட்டும். என்ன செய்ய வேண்டும், எப்போது, எவ்வளவு செலவு என்று எதுவும் தெரியாமலே தலையாட்டியாக வேண்டும். இதே பெண் ஒரு நாள் தள்ளி, நிதானமாக மறுபடி எழுதினால் இப்படி வரும்:

"அடியே, தேதி முடிவாயிடுச்சு. அடுத்த ஜூன் கடைசி சனிக்கிழமை. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், குழந்தை தூங்கினப்புறம் படி. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த ராத்திரி நான் கூப்பிடாமலே வந்து ஆஸ்பத்திரி வராந்தாவுல விடியற வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திருந்தியே, அதை நான் மறக்கல. கல்யாணத்தன்னைக்கும் பக்கத்துல நீ நின்னா எனக்குத் தைரியமா இருக்கும். என் மெயிட் ஆஃப் ஆனரா வர்றியா? டிரஸ்ஸும் ரயில் டிக்கெட்டும் என் பொறுப்பு. ஹென் பார்ட்டியை ஆபீஸ் பொண்ணுங்க பாத்துப்பாங்க, நீ வந்தா போதும். மைக் பிடிச்சுப் பேசவும் வேண்டாம், உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். முதல் நாளும் கல்யாணத்தன்னைக்கும் கூட இரு, சாட்சிக் கையெழுத்து போடு. குழந்தையை வச்சுக்கிட்டு முடியாதுன்னா தாராளமா சொல்லு, முதல் வரிசையில உக்காந்து பாரு, எனக்கு அதுவும் சந்தோஷம்தான். இந்த மாசக் கடைசிக்குள்ள சொன்னா போதும்."

இரண்டாவது செய்தி நீளம்தான், ஆனாலும் லேசாக இருக்கிறது. வராந்தா நினைவு ஒன்றே போதும், அவளை ஏன் கேட்கிறாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 'உயிர்த்தோழி', 'என் சகோதரி' என்று அடுக்கியிருந்தால் அந்த வரி அமுங்கியிருக்கும். மறுப்பதற்கும் ஒரு கௌரவமான வழி விட்டிருக்கிறாள். மறுத்தாலும் கல்யாணத்தில் அவளுக்கு ஓர் இடம் இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னதால்தான் அந்த அனுமதி உண்மையாகத் தொனிக்கிறது.

இதே செய்தியைப் பத்துப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். நிச்சயதார்த்த விருந்தில் எல்லோர் முன்னாலும் கேட்பதும் அப்படித்தான். பல வருடமாக ஒரு வழக்கம் பரவியிருக்கிறது: மெழுகுவத்தி, சாக்லேட், சின்ன ஷாம்பெயின் பாட்டில், 'வருகிறாயா' என்று கேட்கும் அட்டை எல்லாம் வைத்துப் பெட்டி அனுப்புவது. அழகுதான். ஆனால் பரிசை வாங்கிக்கொண்ட பிறகு முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? செய்தி முதலில் போகட்டும், பதில் வந்த பிறகு பெட்டி போகலாம்.

கொடுக்காத பொறுப்பைக் கொடுத்ததாகக் காட்டுவதும் மனதில் தங்கிவிடும். 2011-ல் வில்லியமின் கல்யாணத்தில் ஹாரிதான் பெஸ்ட் மேன் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். தான் உண்மையில் பெஸ்ட் மேன் இல்லை, அண்ணனின் நண்பர்கள் இருவர்தான் அந்த வேலையைச் செய்தார்கள் என்று 2023-ல் வெளிவந்த தன் நூலில் ஹாரி எழுதினார்.

யாரையாவது கேட்க நினைத்திருப்பவர்கள் தேதியும் இடமும் முடிவான பிறகு, எட்டு மாதமாவது கையில் இருக்கும்போது கேட்டுவிடுங்கள். செலவு யார் பொறுப்பு என்பதையும் அந்த முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.