சாட்டில் தீராத கேள்வியா? போனில் பேசக் கேளுங்கள்

வேலைவாய்ப்புத் தளத்தில் பயோடேட்டாவைப் பதிந்திருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். அலுவலர் சாட் விண்டோவில் வந்து, ‘ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி., 30 நாளில் சேர முடியுமா?’ என்கிறார். உங்கள் தற்போதைய வேலையிலோ நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

அந்த 6 லட்சத்தில் நிறுவனம் கட்டும் பி.எப்., கிராஜுவிட்டி, வேரியபிள் பே எல்லாம் அடக்கமா? மீதி 60 நாளுக்குப் பழைய நிறுவனம் பணம் கேட்டால் யார் கட்டுவது? அவர்களே கட்டினால், ஓராண்டுக்குள் விலகும்போது திருப்பிக் கேட்பார்களா? ஒரு பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும். மொத்தமாக டைப் செய்து அனுப்பினால், பெரும்பாலும் எளிதான ஒன்றுக்கு மட்டுமே பதில் வரும்.

எனவே இப்படிக் கேளுங்கள்:

‘நன்றி மேடம். சம்பளப் பிரிவு, நோட்டீஸ் பீரியட் பற்றி ஒன்றையொன்று சார்ந்த மூன்று கேள்விகள் உள்ளன. 15 நிமிடம் போனில் பேசலாமா? இன்று மாலை 6 மணி அல்லது நாளை காலை 9 மணி எனக்கு வசதி.’

விஷயமும் நேரமும் தெரிவதால், அவர் விவரங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு அழைப்பார். பல சாட் விண்டோக்களில் என்டர் தட்டினால் பாதிச் செய்தியே போய்விடும். அடுத்த வரிக்கு ஷிப்ட் கீயை அழுத்தியபடி என்டர் தட்டுங்கள்.

போனில் சொன்னதற்கு எழுத்து ஆதாரம் இல்லை. பேசி முடித்ததும் அதே சாட்டில், ‘வேரியபிள் 60,000 ரூபாய், நோட்டீஸ் தொகையை நிறுவனம் தரும் என்றீர்கள், சரிதானே?’ என எழுதி ‘ஆம்’ வாங்குங்கள். அதே விவரம் ஆபர் லெட்டரிலும் வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள்.