புகையில் பிறக்கும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், டான்யூப் ஆற்றங்கரைப் பகுதியில் இர்ஷிங் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மின்நிலையத்தின் நான்காவது அலகில் சீமென்ஸ் நிறுவனம் தன்னுடைய புதிய எரிவாயு டர்பைனை 2007 இறுதியிலிருந்து ஓட்டிச் சோதித்தது. அப்போது அது தனி டர்பைன்தான். சுமார் 375 மெகாவாட் மின்சாரம் தந்தது. எரித்த வாயுவின் வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கு மின்சாரமானது. பிறகு அதன் பின்னால் ஒரு கொதிகலனையும் நீராவி டர்பைனையும் சேர்த்தார்கள். 2011-இல் அதே அலகு 578 மெகாவாட் தந்தது, செயல்திறன் 60.75 சதவீதத்தைத் தொட்டது. கூடுதலாகக் கிடைத்த 200 மெகாவாட்டும், அதுவரை புகைபோக்கி வழியே வெளியேறிய சூட்டிலிருந்து வந்தது.

அவ்வளவு சூட்டை முதல் டர்பைன் ஏன் விட்டுவிடுகிறது? அதன் வேலையைப் பார்த்தால் காரணம் தெரியும். கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சி, இருபது மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எரிவாயு எரிகிறது. வெப்பம் 1,500 டிகிரியை ஒட்டிப் போகிறது. அந்தச் சூடான வாயு விரிந்துகொண்டே டர்பைன் இதழ்களைத் தள்ளுகிறது. விரிய விரிய அழுத்தம் குறைந்து, கடைசியில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கே வந்துவிடுகிறது. அதற்குமேல் விரிய இடமில்லை. ஆனால் வெப்பம் இன்னும் 600 டிகிரிக்கு மேல் நிற்கிறது. அழுத்தம் தீர்ந்துவிட்டது, சூடு தீரவில்லை. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வெளியே வெற்றிடம் உண்டாக்கி வாயுவை இன்னும் விரிய வைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால், வெற்றிடத்திலிருந்து அந்த வாயுவை மறுபடி அழுத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். வாயுவை அழுத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. ஏற்கெனவே டர்பைன் எடுக்கும் விசையில் ஏறத்தாழ பாதியைக் கம்ப்ரசரே தின்றுவிடுகிறது.

இந்த இடத்தில்தான் தண்ணீர் கைகொடுக்கிறது. திரவமாக இருக்கும்போது அதை உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஒரு பம்பு போதும். அதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். டர்பைன் புகை கொதிகலனின் குழாய் வரிசைகளுக்கு ஊடே போகும்போது உள்ளே தண்ணீர் நீராவியாகி, நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. மறுமுனையில் கண்டென்சர். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களின்மேல் பட்டு நீராவி தண்ணீராகச் சுருங்குவதால் அங்கே வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. 30 டிகிரியில் அந்த அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே நீராவி 30 டிகிரி வரை விரிந்து வேலை செய்கிறது. காற்றால் எட்ட முடியாத அந்தக் கீழ்ப்பகுதியை நீராவி எட்டிவிடுகிறது.

கணக்கு எளிது. 100 பங்கு வெப்பத்தில் முதல் டர்பைன் 40 பங்கை எடுக்கிறது. மீதி 60 ஏறத்தாழ முழுவதும் புகையில் இருக்கிறது. நீராவிப் பக்கம் அந்த 60-இல் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 20 பங்குக்குச் சற்று மேல், மின்சாரமாக்குகிறது. இரண்டும் சேர்ந்து 60-ஐத் தாண்டுகின்றன. நம் குத்தாலம் எரிவாயு மின்நிலையத்திலும் இதே விகிதத்தைப் பார்க்கலாம்: 101 மெகாவாட்டில் எரிவாயு டர்பைன் 64, நீராவி டர்பைன் 37.

புகைச் சூட்டை வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீரின் வெப்பநிலை ஏறாது. 150 மடங்கு காற்றழுத்தத்தில் தண்ணீர் 340 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். புகை அந்த அளவுக்கு ஆறிவிட்டால் அதனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியாது. அழுத்தம் குறைந்த தண்ணீரோ இன்னும் கீழான வெப்பத்திலேயே கொதிக்கும். அதனால் பெரிய நிலையங்களில் கொதிகலனுக்குள் மூன்று வெவ்வேறு அழுத்தங்களில் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். 600 டிகிரியில் நுழையும் புகை 100 டிகிரியை ஒட்டி வெளியேறுகிறது.

கொதிகலன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை இயக்குபவர்கள் புகைபோக்கியின் வெப்பமானியிலேயே கண்டுகொள்வார்கள். டர்பைன் அதே சுமையில் ஓடும்போது அங்கே சூடு நாளுக்கு நாள் ஏறினால், குழாய்களின்மேல் அழுக்கு படிந்து வெப்பம் தண்ணீருக்குப் போகவில்லை என்று பொருள். புகைபோக்கி சரியாக இருந்தும் மின்சாரம் குறைந்தால் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். காற்றுக் கசிவாலோ குளிர்நீர் சூடேறியதாலோ அங்கே வெற்றிடம் குறைந்திருக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. எரிவாயு டர்பைன் சில நிமிடங்களில் முழு வேகம் பிடிக்கும். கொதிகலனின் தடித்த உலோகத்தையும் நீராவி டர்பைனையும் அவசரமாகச் சூடாக்கினால் விரிசல் விடும் என்பதால், நீராவிப் பக்கத்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். முழுக்க ஆறிய நிலையிலிருந்து கிளப்பினால் மணிக்கணக்கில் ஆகும். அதுவரை நிலையம் 40 சதவீத நிலையமாகவே ஓடுகிறது. மாலையில் மட்டும் இரண்டு மணி நேரம் தேவைப்படும் மின்சாரத்துக்கு இதை ஓட்டினால் 60 சதவீதத்தை எட்டும் முன்பே நிறுத்த நேரிடும்.