ஐந்து லட்சம் கேட்ட மனு! பனிக்கட்டியில் சிக்கிய கணக்கு!

உதவி கேட்டு மனு எழுதுவது எளிது. எழுதிய மனுவைத் தாமே ஒரு முறை சோதித்துப் பார்ப்பதுதான் கடினம்!

வடசென்னையில் எண்ணூருக்குப் பக்கத்தில் இருக்கிறது காத்திவாக்கம். முன்பு தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கொசஸ்தலை ஆறு. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். சுற்றிலும் பெரிய தொழிற்சாலைகள்.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் அடித்தது. வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் வந்து ஆற்றில் பரவியது. வலை கறுத்தது. படகு கறுத்தது. "எண்ணூர் மீனா? வேண்டாம்!" என்று வாங்குகிறவர்கள் முகம் திருப்பினார்கள்.

அப்போது தமிழக அரசு ஒரு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்கள் 2,301. குடும்பத்துக்கு 12,500 ரூபாய். பிழைப்பு பாதித்த மற்றக் குடும்பங்கள் 6,700. அவர்களுக்கு 7,500 ரூபாய். படகுகள் 787. படகைச் சரி செய்ய 10,000 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம்.

தொகை போதுமா, போதாதா என்பது வேறு விஷயம். ஆனால் இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்க்கலாம். யாருக்கு, எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று மூன்றும் தெரிகிறது. பெருக்கிக் கூட்டினால் மொத்தம் ஏறக்குறைய சரியாக வருகிறது.

நிவாரணம் ஒரு தடவை வரும், போகும். அதன் பிறகு தொழிலுக்கு உதவி வேண்டுமானால் மனு போட வேண்டும். 2013-ம் வருடக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் மூன்று வருட சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்டுத்தான் பல குழுக்கள் 'திட்ட மனு' எழுதுகின்றன. பல மனுக்கள் முதல் பக்கத்திலேயே விழுந்துவிடுகின்றன.

ஏன்?

ஒரு மனுவை எடுத்துப் பார்ப்போம். இது உண்மையான மனு அல்ல, உதாரணத்துக்காக அமைத்தது. காத்திவாக்கத்தில் மீன் விற்கும் 20 பெண்கள் குழுவாகச் சேர்ந்து எழுதியது என்று வைத்துக்கொள்வோம்.

நான்கு நோக்கங்கள்

மனுவின் தொடக்கம் இப்படி இருக்கிறது: "மீனவப் பெண்களின் வாழ்வாதாரத்தை உயர்த்துதல். சுற்றுச்சூழலைக் காத்தல். பெண்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுதல். குழந்தைகளின் கல்வியை மேம்படுத்துதல்."

கேட்க இனிமையாக இருக்கிறது. இனி கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். செலவுப் பட்டியல் அங்கே இருக்கிறது.

ஐஸ் பெட்டி 20-க்கு 1,00,000 ரூபாய். சரக்கு ஆட்டோ ஒன்றுக்கு 3,00,000. ஐஸ் வாங்க 30,000. பயிற்சிக்கு 40,000. இதர செலவு 30,000. ஆக மொத்தம் ஐந்து லட்சம்.

மனுவைச் சோதிப்பவர்கள் முதலில் செய்வது இதைத்தான். ஒரு கையில் நோக்கம். மறு கையில் செலவு. ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே ஒரு செலவு நிற்கிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பார்கள்.

குழந்தைகளின் கல்விக்கு ஒரு காசு இல்லை. சுற்றுச்சூழலுக்கும் இல்லை. அப்படியானால் அந்த இரண்டு வரிகளும் அலங்காரம்! அலங்காரத்தை நீக்கிவிட்டால் என்ன மிஞ்சுகிறது? பெட்டி, ஐஸ், வண்டி. அதாவது மீன் கெடாமல் விற்க வேண்டும். இந்தப் பெண்களின் உண்மையான தேவை அதுதான். ஆனால் மனுவில் அந்த ஒரு வரியைத்தான் காணோம்!

குழுவில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி, தலைவியிடம் கேட்கிறாள் என்று வையுங்கள்: "ஏங்க்கா, சாயங்காலம் உங்க கூடையிலே எத்தனை கிலோ மிச்சம் நிக்குது?"

"மூணு கிலோ நிக்கும். பாதி விலைக்குத் தள்ளிட்டு வருவேன்."

இந்தப் பதில்தான் நோக்கம். இதை அப்படியே எழுதலாம்: 'காத்திவாக்கத்தில் மீன் விற்கும் 20 பெண்கள், மாலையில் பாதி விலைக்குத் தள்ளும் மீனை, ஆறு மாதத்துக்குள் நாளுக்கு மூன்று கிலோவிலிருந்து ஒரு கிலோவாகக் குறைப்பது.' யார், எங்கே, எதை, எவ்வளவு, எப்போதுக்குள் என்ற ஐந்தும் இதில் அடங்கிவிட்டன.

33 நாளில் தீர்ந்த ஐஸ்

அடுத்தது செலவு. இங்கேதான் வேடிக்கை.

ஐஸுக்கு 30,000 ரூபாய் என்று மனு சொல்கிறது. எப்படி வந்தது இந்த 30,000? குறிப்பு இல்லை. நாமே கணக்குப் போடுவோம்.

நம் ஊர் வெயிலுக்கு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உடைத்த ஐஸ் வேண்டும். கீழே ஒரு அடுக்கு ஐஸ், அதன் மேல் மீன், மறுபடியும் ஐஸ். ஒரு பெண் நாளுக்கு 15 கிலோ மீன் விற்பதாக வைத்துக்கொண்டால் அவளுக்கு 15 கிலோ ஐஸ். இருபது பேருக்கு 300 கிலோ. கிலோ 3 ரூபாய் என்றாலும் நாளுக்கு 900 ரூபாய்.

30,000 ரூபாயை 900-ஆல் வகுத்துப் பாருங்கள். முப்பத்து மூன்றே நாள்!

திட்டமோ ஒரு வருடத்துக்கு. 34-ம் நாள் ஐஸுக்கு யார் பணம் தருவார்கள்? மனு பேசவில்லை. பணம் கொடுப்பவர் இதைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற எண்களையும் நம்ப மாட்டார். பணம் குறைவாகக் கேட்டதும் குற்றம்தான்!

அப்படியானால் வருடம் முழுவதுக்கும் ஐஸ் பணம் கேட்பதா? 300 நாளுக்கு 2,70,000 ரூபாய் ஆகும். அது முடிந்த மறு வருடம் மறுபடியும் பழைய கதைதான்.

இதற்கு வழி, கணக்கிலேயே இருக்கிறது. மீன் கிலோ 200 ரூபாய். மூன்று கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளினால் நாளுக்கு 300 ரூபாய் நஷ்டம். ஐஸ் வைத்து இரண்டு கிலோவைக் காப்பாற்றினால் 200 ரூபாய் கைக்கு வரும். ஐஸ் செலவு 45 ரூபாய். மீதி 155. ஆகவே ஐஸைப் பெண்களே வாங்கலாம். அதை மனுவிலும் எழுதலாம். 'ஐஸ் செலவை நாங்களே ஏற்கிறோம். அது எங்களுக்குக் கட்டுப்படியாகும். கணக்கு இதோ' என்று எழுதினால், திட்டம் பணம் நின்ற பிறகும் ஓடும் என்பது விளங்கிவிடும். விலைகள் மட்டும் அன்றன்றைய சந்தையில் விசாரித்து எழுதியவையாக இருக்க வேண்டும்.

பெட்டிக்கும் இதே சோதனை உண்டு. '20 பெட்டி' என்றால் போதாது. எத்தனை லிட்டர்? பதினைந்து கிலோ மீனும் பதினைந்து கிலோ ஐஸும் பிடிக்க ஏறக்குறைய 50 லிட்டர் பெட்டி தேவை. நிரப்பினால் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். தலையில் வைத்துத் தெருத் தெருவாகப் போக முடியுமா? முடியாது. சந்தையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பவர்களுக்குத்தான் இது ஆகும். அந்த இருபது பேரும் அப்படிப்பட்டவர்களா என்று மனு சொல்ல வேண்டும். கடையில் எழுதி வாங்கிய விலைச் சீட்டு இரண்டு, மூன்று இணைத்தால் 5,000 ரூபாய் என்ற விலைக்கும் ஆதாரம் கிடைக்கும்.

ஆட்டோ விஷயம் இன்னும் மோசம். ஓட்டுபவர் யார்? அவருக்குச் சம்பளம்? டீசல்? இன்ஷூரன்ஸ்? ஒன்றுக்கும் பணம் ஒதுக்கவில்லை. காலையில் ஒரே நேரத்தில் இருபது பேருக்கும் வண்டி வேண்டும். இருப்பது ஒரு வண்டி!

தவிர, வண்டிக்கு வேறு வழி இருந்தது. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய 'பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா' திட்டத்தில், ஐஸ் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிளுக்கு 75,000 ரூபாய் என்று விலை வகுத்தார்கள். பெண்களுக்கு அதில் நூற்றுக்கு 60 மானியம். அதாவது 45,000 மானியம். 30,000 சொந்தப் பணம். ஐஸ் பெட்டியுடன் கூடிய மூன்று சக்கர வண்டிக்கு வகுத்த விலை மூன்று லட்சம். "அந்த வழியில் ஏன் போகவில்லை?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பதிலை மனுவிலேயே எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

'இதர செலவு 30,000' பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வரியைக் கண்டாலே பேனா சிவப்பாகிவிடும்!

நோட்டுப் புத்தகம் இல்லாமல் பலன் இல்லை

மூன்றாவது, பலன். மனுவில் எழுதியிருப்பது: "20 பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும். 20 பெட்டிகள் வழங்கப்படும்."

இது பலன் அல்ல; வேலை. பெட்டி கொடுத்தது வேலை. மீன் கெடாமல் விற்றது பலன். பெட்டியை வாங்கி வீட்டில் துணி வைத்தாலும் '20 பெட்டி வழங்கப்பட்டது' என்பது உண்மையாகத்தானே இருக்கும்?

"வருமானம் உயர்ந்ததா?" என்று நேராகக் கேட்டாலும் சரிப்படாது. உதவி நின்றுவிடுமோ என்று சிலர் குறைத்துச் சொல்வார்கள். கொடுத்தவர் மனம் குளிரட்டும் என்று சிலர் கூட்டிச் சொல்வார்கள். கிலோவை எண்ணுவது மேல். தராசு பொய் சொல்லாது.

பெட்டி வருவதற்கு முன்பே இரண்டு வாரம் எண்ண வேண்டும். காலையில் எடுத்த மீன் எத்தனை கிலோ, மாலையில் தள்ளியது எத்தனை கிலோ. ஒரு நாளைக்கு இரண்டே எண்கள். இந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால், பின்னால் 'ஒரு கிலோ' என்று சொன்னாலும் எதிலிருந்து ஒரு கிலோ என்று தெரியாது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது மீன் வரத்துக் குறையும். வந்தது சுருக்கில் விற்றுவிடும். மார்ச்சில் மூன்று கிலோ மிச்சம். மே மாதம் அரைக் கிலோ மிச்சம் என்றால், அது பெட்டியின் பெருமையா, தடைக் காலத்தின் வேலையா?

அதற்காகத்தான் பெட்டி வாங்காத ஐந்தாறு பெண்களின் கணக்கையும், அவர்கள் சம்மதத்தோடு, அதே சந்தையில் எழுதி வைப்பது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி குறைந்தால் காரணம் பெட்டி அல்ல. 2023 டிசம்பரைப் போல ஒரு விபத்து நடுவில் வந்தாலும், வீழ்ச்சி எண்ணெயால் வந்ததா, திட்டம் தோற்றதால் வந்ததா என்று இந்தப் பக்கத்துக் கணக்குதான் சாட்சி சொல்லும்.

இன்னொரு எண்ணும் வேண்டும். ஆறாவது மாதம் பெட்டியை உபயோகிப்பவர்கள் எத்தனை பேர்? இருபதில் பதின்மூன்று என்றால் பதின்மூன்று என்றே எழுத வேண்டும். விட்ட ஏழு பேரும் ஏன் விட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

திருத்திய மனு

இனி மனுவைத் திருத்தி எழுதினால் எப்படி இருக்கும்?

20 பெட்டி ஒரு லட்சம். அதில் ஆளுக்கு 1,000 ரூபாய் பெண்கள் போடுகிறார்கள், கேட்பது 80,000. நான்கு தராசு 10,000. இரண்டு நாள் பயிற்சி: சொல்லிக் கொடுப்பவருக்கு நாளுக்கு 3,000, சாப்பாட்டுக்கு ஆளுக்கு 100, ஆக 10,000. கணக்கு எழுதும் பெண்ணுக்கு மாதம் 500 வீதம் 6,000. மூடி, அடைப்பான் பழுது பார்க்கப் பெட்டிக்கு 200 வீதம் 4,000.

மொத்தம் 1,10,000 ரூபாய். ஆட்டோ இல்லை. ஐஸ் இல்லை. 'இதர செலவு' இல்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. ராத்திரியில் அந்த இருபது பெட்டிகளையும் எங்கே பூட்டி வைப்பது? சந்தையில் இடம் உண்டா, வாடகை உண்டா என்று கேட்டு வந்துதான் அந்த வரியை எழுத வேண்டும். அதுவரை மனுவைத் தபாலில் போட வேண்டாம்.