ரத்தம் எங்கிருந்து வருகிறது?

குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு நிலை இது. பத்து வயதுச் சிறுவன். காலில் வந்த சொறிப்புண் ஆறி மூன்று வாரம் ஆகிறது. இப்போது காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கிறது. சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகிறது. லேபில் சோதனைப் பட்டையை நனைத்தால், ரத்தம் இருக்கிறது என்று நிறம் மாறுகிறது.

அந்த ரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலிருந்து கசிந்திருக்கலாம். கல்லோ கிருமித் தொற்றோ கீழே சிறுநீர்ப்பாதையைப் புண்ணாக்கியதாலும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எது என்று பட்டை சொல்லாது. அதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டும்.

அப்போதுதான் கழித்த சிறுநீரில் 10 மில்லியைக் குழாயில் எடுத்து, ஐந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவார்கள். மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு, அடியில் அரை மில்லியை மட்டும் வைத்துக் கலக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மூடுவார்கள். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதில் தேடும் பொருட்கள் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவுபவை. விளக்கு பளிச்சென்று எரிந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதலில் சிவப்பணுக்களின் வடிவம். சிறுநீர்ப்பையில் கசிந்த ரத்தமானால் அணுக்கள் பெரும்பாலும் ஒரே அளவில், வட்டமாக இருக்கும். வடிகட்டியின் சேதமடைந்த சவ்வில் நெருக்கிப் பிழிந்து வந்தவையோ சிதைந்திருக்கும். சிதையாத பகுதியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது; வழியில் சிறுநீரகக் குழாய்களில் உப்பின் அடர்த்தி மாறிக்கொண்டே இருப்பதும் அவற்றை இன்னும் உருக்குலைக்கிறது. 1979இல் பிர்ச், ஃபேர்லி என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் இதழில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்கள். சிதைந்தவற்றில் மிகவும் நம்பத்தக்கது, வளையம்போல நடுவில் வெளிறி, ஓரத்தில் மிக்கி மவுஸ் காதுகளைப்போலக் குமிழ்கள் முளைத்த அணு. சிவப்பணுக்களில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கு மேலோ இப்படி இருந்தால் வடிகட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். உடலில் நீர் குறைந்து சிறுநீர் அடர்த்தியானாலும் அணுக்கள் சுருங்கி முள் முள்ளாகத் தெரியும். ஆனால் அந்த முட்கள் சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வது அனுபவமில்லாத கண்ணுக்கு எளிது.

அடுத்துத் தேடுவது காஸ்ட். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது சில நேரம் குழாய்க்குள்ளேயே உறைந்து, அதே உருளை வடிவத்தில் சிறுநீரோடு வெளியேறும். உறையும்போது அங்கே சிவப்பணுக்கள் இருந்தால் அவையும் உள்ளே சிக்கிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில், வட்ட வட்டமான அணுக்கள் அடைந்த ஆரஞ்சு நிற உருளையாக அது தெரியும். சிறுநீர்ப்பையில் இப்படிப்பட்ட குழாய்கள் கிடையாது. ஆகவே சிவப்பணு காஸ்ட் ஒன்றைக் கண்டுவிட்டாலே, ரத்தம் சிறுநீரகத்துக்குள் கசிகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

நம் சிறுவனின் சிறுநீரில் அது இருந்தது. ரத்தத்தில் சி3 என்ற புரதமும் குறைந்திருந்தால், சொறிப்புண் கிருமிக்கு எதிராக உடல் காட்டிய எதிர்வினையே வடிகட்டிகளை வீங்கவைத்திருக்கிறது என்று தெளிவாகும். உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, ரத்த அழுத்தத்தைக் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். இதே காஸ்டோடு கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறினால் கதை வேறு. காத்திராமல் சிறுநீரகத்தில் துளிச் சதை எடுத்துப் பார்க்க வேண்டிவரும்.

கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சிறுநீர் குறைந்துபோன பெரியவர் ஒருவரிடம் கேள்வி வேறாக இருக்கும்: நீர் வற்றியது மட்டும்தானா, குழாய்களே சேதமாகிவிட்டனவா? சேற்றுப் பழுப்பில், மணல் மணலாக, தடித்த காஸ்டுகள் நிறையத் தெரிந்தால், ரத்த ஓட்டம் குறைந்து குழாயின் உட்சுவர் செல்கள் செத்து உதிர்ந்திருக்கின்றன. நீர் வற்றியது மட்டும் என்றால் டிரிப்ஸ் ஏற்றச் சிறுநீர் திரும்பிவிடும். குழாய்கள் சேதமானவருக்கு அப்படி உடனே திரும்பாது. ஏற்றிக்கொண்டே போனால் நீர் நுரையீரலில் போய்ச் சேரும்.

காஸ்டுகள் நெடுநேரம் தாங்குவதில்லை. சிறுநீர் நீர்த்ததாகவோ காரத்தன்மையுடனோ இருந்தால் கரைந்துவிடும். இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்த சிறுநீரை நம்ப முடியாது. தானியங்கிக் கருவிகளும் காஸ்டுகளைத் தவறவிடுவதுண்டு. எனவே ரிப்போர்ட்டில் ‘காஸ்ட் இல்லை’ என்றிருந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது. சிறுநீரில் ரத்தம் என்று வந்தால், வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோகாமல் லேபிலேயே கழித்துக் கொடுங்கள். ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.