ஏழு வட்டமா, எட்டு மூங்கிலா?

ஜப்பானிய மாஜாங் மேசையில் எதிரே இருப்பவர் தன் எட்டாவது காயைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார். ஆயிரம் புள்ளிக் குச்சி ஒன்றை நடுவில் போட்டு “ரீச்சி” என்கிறார். இன்னும் ஒரே ஒரு காய் வந்தால் அவர் கை முடிந்துவிடும் என்பது இதன் பொருள். இனி அவர் கையை மாற்ற முடியாது. எடுக்கும் காய் வெற்றிக் காயாக இல்லாவிட்டால் அப்படியே கீழே போட்டாக வேண்டும். மற்ற மூவருக்கும் அந்த நொடியிலிருந்து ஆட்டமே வேறு. கையில் உள்ள ஒவ்வொரு காயும் அவருக்குத் தேவையான காயாக இருக்கலாம்.

ரம்மி ஆடியவர்களுக்கு அடிப்படை எளிதில் பிடிபடும். எழுத்து, வட்டம், மூங்கில் என மூன்று வகை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. இவற்றோடு காற்றும் டிராகனுமாக ஏழு காய்கள். மொத்தம் 34 விதம், விதத்துக்கு நான்கு, ஆக 136 காய்கள். கையில் 13 இருக்கும். ஒன்றை எடுத்து, ஒன்றைப் போட வேண்டும். மும்மூன்றாக நான்கு தொகுதியும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் வெற்றி.

ரம்மியில் கை மோசமென்றால் ‘டிராப்’ சொல்லி விலகிவிடலாம். மாஜாங்கில் அந்த வசதி கிடையாது. காய்கள் தீரும்வரை எடுத்துக்கொண்டும் போட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பழைய சீன முறையில் ஒருவர் வென்றால் மற்ற மூவரும் பணம் கொடுப்பார்கள். ஜப்பானிய முறையிலோ வெற்றிக் காயைப் போட்டவரே முழுத் தொகையையும் தனியாகச் சுமக்கிறார். ஜப்பானில் எந்தக் காயைப் போடுவது என்ற கேள்வி இவ்வளவு ஆராயப்பட்டதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம்.

தப்பிக்க உதவும் விதியும் அங்கேயே இருக்கிறது. அதன் பெயர் ஃபுரிடென். ஒருவர் காத்திருக்கும் காய்களில் ஒன்றை அவரே முன்பு போட்டிருந்தால், பிறர் போடும் காயை எடுத்து அவர் வெல்ல முடியாது. தானே எடுத்தால்தான் உண்டு. அதனால் ரீச்சி சொன்னவர் ஏற்கெனவே போட்ட காயை அவரிடம் போடுவது நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. ரீச்சிக்குப் பிறகு வேறு யாரேனும் போட்டு, அவர் எடுக்காமல் விட்ட காயும் அப்படியே. போட்ட காய்களைக் குவியலாகக் கொட்டாமல், அவரவர் முன்னால் வரிசைக்கு ஆறாக அடுக்கி வைக்கும் வழக்கம் இந்தக் கணக்குக்கு மிகவும் உதவுகிறது.

இந்த விதியிலிருந்து பிறந்ததுதான் சூஜி. கையில் 5, 6 வைத்திருப்பவர் 4-க்கோ 7-க்கோ காத்திருப்பார். அவர் 4-ஐப் போட்டிருந்தால் இந்தக் காத்திருப்பே ஃபுரிடென் ஆகிவிடும். ஆகவே 7 ஓரளவு பாதுகாப்பு. 1-4, 2-5, 3-6, 4-7, 5-8, 6-9 என வகைக்கு ஆறு இணைகள், மூன்று வகைக்கும் சேர்த்து 18. எத்தனை அடிபட்டன, எத்தனை மிச்சம் என்று எண்ணினால் ஒரு காயின் அபாயம் தோராயமாகப் பிடிபடும்.

சூஜியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 4, 6, 8 வைத்திருப்பவர் 4-ஐப் போட்டு ரீச்சி சொன்னால் அவர் காத்திருப்பது இடையில் உள்ள 7-க்கு. ‘4 விழுந்துவிட்டதே’ என்று 7-ஐப் போடுபவர் வலையில் நேராகக் காலை வைக்கிறார். ரீச்சியோடு விழுந்த காயின் இணையை அனுபவசாலிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இப்போது அந்த மேசைக்குத் திரும்புவோம். ரீச்சிக்காரர் போட்டவை: வடக்கு, 9 வட்டம், 1 மூங்கில், மேற்கு, 4 எழுத்து, 8 மூங்கில், 5 வட்டம், கடைசியில் 2 எழுத்து. எண்ணிப் பார்த்தால் 18 இணைகளில் எட்டு அடிபட்டன, பத்து மிச்சம்.

நம் ஆட்டக்காரர் கையில் எழுத்தில் 3-4-5, 6-7. மூங்கிலில் 2-3-4, ஒரு ஜோடி 8. வட்டத்தில் 4, 5, 7. புதிதாக 8 எழுத்து வருகிறது. 6-7-8 சேர்ந்துவிட்டது. வட்டத்தில் 7-ஐப் போட்டால் 4-5 நின்று, 3-க்கும் 6-க்கும் காத்திருக்கலாம். வெல்லக்கூடிய காய்கள் அதிகபட்சம் எட்டு. பதிலாக 4-ஐப் போட்டால் 6 மட்டுமே, அதுவும் நான்குதான். அபாயம்? 7 வட்டம் 4-7 என்ற ஒரே இணையில் இருக்கிறது, பத்தில் ஒன்று. 4 வட்டமோ 1-4, 4-7 என்ற இரண்டிலும் சிக்குகிறது; பத்தில் இரண்டு. காத்திருப்பும் மோசம், அபாயமும் இரட்டிப்பு என்னும்போது 4-ஐத் தொட வேண்டிய காரணமே இல்லை.

முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் 8 மூங்கில் இருக்கிறது, 5 வட்டம் இருக்கிறது. ஆனால் எதைப் போட்டாலும் தயாரான கை உடையும். பந்தயத்தைப் பார்ப்போம். அவரும் ரீச்சி சொல்லி, பிறர் போட்ட காயில் வென்றால் 3,900 புள்ளி, மேலே எதிராளியின் குச்சி 1,000. எதிராளியின் கை 5,000 பெறும் என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்கு அபாயத்தின் விலை சராசரியாக 500. துணிந்து 7 வட்டத்தைப் போட வேண்டிய இடம் இது.

இந்தப் பத்தில் ஒன்று துல்லியமான எண் அல்ல. ஒரு பக்கம், எல்லோரும் இணைக் காத்திருப்பில் இருப்பதில்லை. இன்னொரு பக்கம், இடைக்காய்க்கும் ஜோடிக்கும் காத்திருப்பவர்கள் உண்டு. ஆனாலும் ‘அதிர்ஷ்டக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது’ என்று பார்த்து ஆடுவதைவிட இது எவ்வளவோ மேல். 2004-இல் தோட்சுகெகி தோஹோகு என்ற புனைபெயரில் ஒருவர் இணைய ஆட்டங்களின் பதிவுகளைக் கணக்கிட்டு எழுதிய நூல், அந்த அதிர்ஷ்ட ஓட்ட நம்பிக்கையைக் கடுமையாக மறுத்தது.

இனி ஒரே ஒரு காயை மாற்றிப் பார்ப்போம். 8 எழுத்துக்குப் பதில் 6 மூங்கில் வந்தது என்று வையுங்கள். 3-6, 6-9 இரண்டுமே மிச்சம் இருப்பதால் அதன் அபாயம் பத்தில் இரண்டு. போட்டாலும் கை தயாராகாது. இன்னும் ஒரு காய் குறையும். 7 வட்டத்தை முதலில் போடலாம். ஆனால் கை தயாராகும்போது இந்த 6 மூங்கில் வெளியே போயாக வேண்டும். இரண்டு முறை தலையைக் கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கவே தொடங்க முடியும். ரீச்சிக்காரர் டீலராக இருந்தால் அவர் கை ஒன்றரை மடங்கு பெறும். இங்கே பலரும் ஒதுங்கிவிடுவார்கள்.

ஒதுங்குவதென்றால் ஜோடியாக இருக்கும் 8 மூங்கிலில் ஒன்றைப் போடுவது. அடுத்த முறைக்கு இன்னொன்று, அதற்கடுத்து 5 வட்டம் என மூன்று சுற்றுக்குப் பிழைப்பு உறுதி. அதற்குள் மற்றவர்கள் போட்டவையும் பாதுகாப்புக் காய்களாகச் சேரும்.

நம் ஆட்டக்காரரும் 8 மூங்கிலைப் போடுகிறார். இடப்பக்கத்துக்காரர் சற்று யோசித்து 6 மூங்கிலைக் கீழே வைக்கிறார். ரீச்சிக்காரர் அசையவில்லை. அடுத்து நம்மவர் எடுத்தது, முன்பு வராத அந்த 8 எழுத்து. 6-7-8 சேர்ந்தது, தொகுதி மூன்றாயிற்று. சற்று முன் பத்தில் இரண்டு அபாயமாக இருந்த 6 மூங்கிலை இப்போது எந்தப் பயமும் இல்லாமல் போடுகிறார். ஜோடி போனாலும், கை தயாராக மறுபடி ஒரே காய்தான் பாக்கி.