அபாயமும் அனுமானமும் – 7: மணலியில் ஒரு பள்ளம்

பெரிய கட்டுமானப் பணி ஒன்றின் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மண்வெட்டும் இயந்திரம் தளத்துக்கு வந்து சேருவதற்கு முன்பாகவே, அந்தப் பணிக்கு என்னென்ன ஆபத்துகள் நேரக்கூடும் என்பதை வரிசையாக எழுதிய ஒரு பதிவேடு அலுவலகத்தில் தயாராகிவிடுகிறது. பொறியாளர்கள் அதை ரிஸ்க் ரிஜிஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் அபாயம் இருக்கும். அது சம்பவிப்பதற்குள்ள வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண். சம்பவித்தால் விளையும் பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மற்றோர் எண். இரண்டையும் பெருக்கி வருவது மதிப்பெண். ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தில், அந்த மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமும் தீட்டிவிடுவார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் சிவப்பைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும், மஞ்சள் வாசிக்கப்படும், பச்சையின் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. அபாயத்தைப் பற்றி யோசிக்கவே பழகாத ஓர் அலுவலகத்தை யோசிக்க வைக்கிறது என்ற அளவில் இந்தச் சதுரத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பணத்தையும் ஆட்களையும் எங்கே நிறுத்துவது என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் என்ன நேரும் என்பதே இந்த வாரத்து விஷயம்.

உதாரணத்துக்கு மணலியை எடுத்துக்கொள்கிறேன். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் சென்னை மாநகராட்சி மேற்கொண்ட மழைநீர் வடிகால் திட்டம் சுமார் 3,220 கோடி ரூபாய் மதிப்புள்ளது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு 251 மில்லியன் டாலர் கடனை அனுமதித்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் ஆகிய மண்டலங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வடிகால் கட்டும் பணி அது. மணலியில் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டுவது எத்தகைய காரியம் என்பதை அந்தத் தெருக்களில் நடந்தவர்கள் அறிவார்கள். நிலம் தாழ்வானது; நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் நிற்பது; தெரு குறுகியது. பள்ளத்தின் ஒரு கரையில் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் ஓடுகின்றன. மறு கரையில் ஒரு வீட்டின் திண்ணை. மோட்டார் வைத்து இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டேதான் அடித்தளக் கான்கிரீட் போட வேண்டியிருக்கிறது. மோட்டார் ஒரு மணி நேரம் நின்றால் பள்ளத்தின் அடியில் மணல் பொங்கிக் கரை இளகத் தொடங்கிவிடும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை அடைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. ஈரமண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது என்பதையும், அந்தப் பள்ளத்தில் மனிதர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள் என்பதையும் நினைத்தால் அந்த விதியின் காரணம் விளங்கும்.

இப்படிப்பட்ட ஒரு பணிக்கு நாமே ஒரு பதிவேடு எழுதிப் பார்ப்போம். எண்கள் என் அனுமானமே. முறை மட்டும் வழக்கத்தில் உள்ளது. வாய்ப்பு நூற்றுக்கு 5க்குக் கீழ் என்றால் எண் 1. 5 முதல் 20 வரை 2. 20 முதல் 40 வரை 3. 40 முதல் 70 வரை 4. அதற்கு மேல் 5. பாதிப்பு 10 லட்சத்துக்குக் கீழ் 1. 50 லட்சம் வரை 2. 2 கோடி வரை 3. 10 கோடி வரை 4. அதற்கு மேல் 5. முதல் வரியில், தோண்டும்போது குடிநீர்க் குழாய் உடைந்து தெருவுக்குத் தண்ணீர் நின்றுபோவதை எழுதுவோம். வாய்ப்பு நூற்றுக்கு 42, நஷ்டம் 60 லட்சம் என்றால், நான்கை மூன்றால் பெருக்கி மதிப்பெண் 12. இரண்டாவது வரியில், கட்டி முடியாத வடிகாலில் வெள்ளம் புகுந்து, கரை சரிந்து, சாலையும் பக்கத்து வீட்டு அஸ்திவாரமும் சேர்ந்து இறங்குவதை எழுதுவோம். வாய்ப்பு நூற்றுக்கு 18, நஷ்டம் 9 கோடி என்றால், இரண்டை நான்கால் பெருக்கி மதிப்பெண் 8. பன்னிரண்டு முந்திக்கொள்கிறது, கூட்டம் குழாயைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் வாய்ப்பையும் ரூபாயையும் நேராகப் பெருக்கிப் பாருங்கள்: குழாயின் சராசரி நஷ்டம் சுமார் 25 லட்சம், கரை சரிவின் சராசரி நஷ்டம் 1 கோடியே 62 லட்சம். ஆறு மடங்கு பெரிய அபாயம் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

இது எண்ணைத் தவறாகப் போட்டதனால் வந்த வினை அன்று. எண்கள் யாவும் விதிப்படியே போடப்பட்டவை. ஒன்று, இரண்டு, மூன்று என்பவை இங்கே அளவைகள் அல்ல, வரிசை எண்கள். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவன் நான்காவதாக வந்தவனைவிட இரு மடங்கு வேகமாக ஓடினான் என்று எவரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் இந்தச் சதுரத்தில் அதே கணக்கைத்தான் போடுகிறோம். 2 கோடியே 10 லட்சமும் 9 கோடியே 90 லட்சமும் ஒரே நான்காகிவிடுகின்றன; 39 சதவிகிதமும் 41 சதவிகிதமும் வெவ்வேறு எண்களாகப் பிரிந்துவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் அந்தோனி காக்ஸ் 2008ஆம் ஆண்டு 'ரிஸ்க் அனாலிஸிஸ்' என்ற சஞ்சிகையில் இதைக் கணித ரீதியாகவே நிரூபித்தார். அடிக்கடி நேர்பவை சிறியனவாகவும், அரிதாக நேர்பவை பெரியனவாகவும் அமைந்த துறைகளில், இந்தச் சதுரத்தைப் பின்பற்றி எடுக்கும் தீர்மானம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததைவிட மோசமாகவும் இருக்கக்கூடும் என்பது அவர் கண்ட முடிவு. கட்டுமானமோ பெரும்பாலும் அப்படி அமைந்த துறையேயாகும்.

அரிதானதும் பெரியதுமான அபாயத்துக்கு இந்தப் பிரதேசத்திலேயே பிரத்தியட்ச சாட்சி ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை மேம்பாலச் சாலை அமைக்க 2009இல் அடிக்கல் நாட்டினார்கள்; மதிப்பீடு 1,815 கோடி. தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி மாநில அரசு 2012இல் வேலையை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்த பிறகும் வேலை எழவில்லை. புதிய வடிவத்தில் மறுபடியும் அடிக்கல் நாட்டியது 2022இல். மதிப்பீடு 5,800 கோடிக்கு மேல். 'வழங்கிய அனுமதி திரும்பப் பெறப்படலாம்' என்ற வரியை ஒரு பதிவேட்டில் எழுதினால் அதற்கு வாய்ப்பு 1, பாதிப்பு 5 என்றுதான் போடுவார்கள். பெருக்கினால் வருவது 5. தளத்தில் தினந்தோறும் ஒரு மூட்டை சிமென்ட் நனைந்து வீணாவதற்கும், ஐந்தை ஒன்றால் பெருக்கினால், அதே 5தான் வரும்.

இரண்டாவது மயக்கம் இதைவிட நுட்பமானது. வாய்ப்பு என்று எண் போடுகிறோமே, எவ்வளவு நீளத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எவரும் கேட்பதில்லை. நூறு மீட்டர் நீளமுள்ள தன் பகுதியில் கரை சரிவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று தளப் பொறியாளர் நினைக்கிறார். அனுபவத்திலிருந்து வந்த நியாயமான மதிப்பீடு அது. 'மிக அரிது' என்று 1 போடுகிறார். ஆனால் நூறு கிலோமீட்டர் பள்ளத்தில் அத்தகைய பகுதிகள் ஆயிரம் இருக்கின்றன. ஆயிரம் பகுதிகளில் ஒன்றிலேனும் கரை சரிவதற்குள்ள வாய்ப்பைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 63 வருகிறது. தளத்தில் 1 என்று எழுதப்பட்டது தலைமை அலுவலகத்தில் 4 என்று எழுதப்பட வேண்டியது. ஆனால் அங்கே செய்வதெல்லாம் கீழிருந்து வந்த தாள்களை ஒன்று சேர்ப்பதுதான். காலத்தின் சங்கதியும் இதுவே. ஜூன் மாதத்தில் காய்ந்த மண்ணில் தோண்டும் பள்ளமும், வடகிழக்குப் பருவமழை இறங்கிய பின் நவம்பரில் திறந்து கிடக்கும் பள்ளமும் ஒரே வரியில் ஒரே எண்ணோடு இருக்கின்றன.

மூன்றாவதை 2023ஆம் ஆண்டு டிசம்பர் இந்தக் கரைக்குக் கற்பித்தது. பதிவேட்டில் ஐந்து வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கனமழை, நீரிறைக்கும் மோட்டாருக்கு மின்தடை, தொழிலாளர் வேலைக்கு வராமை, கான்கிரீட் லாரி வர வழியின்மை, எண்ணூர்க் கழிமுகம் பொங்கி வடிகால் நீர் இறங்காமை. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 20 என்று போட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று கொண்டால், ஐந்தும் ஒரே நாளில் நேர்வது பதினாயிரத்தில் மூன்று முறைதான். ஆனால் ஐந்துக்கும் தாய் ஒன்றே என்றால், புயல் வரும் வாய்ப்பு எதுவோ ஏறத்தாழ அதுவே ஐந்தும் சேர்ந்து வரும் வாய்ப்பு. பதினாயிரத்தில் மூன்று என்பது பதினாயிரத்தில் இரண்டாயிரத்தை நெருங்கிவிடுகிறது. மிக்ஜாம் புயலின் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியபோது ஐந்தில் எதுவும் தனியாக வரவில்லை. எந்தப் பதிவேட்டிலும் எழுதத் தோன்றாத ஒன்றும் உடன் வந்தது: மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவர்களின் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கடற்கரையை ஒட்டிய அமோனியா குழாயில் கசிவு நேர்ந்தது. குழாயை அணைத்திருந்த பாறைகள் புயலில் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்று அரசு நியமித்த நிபுணர் குழு கருதியது. மூன்று வாரம் கழித்து, வேறொரு ஸ்தாபனத்தின் வேறொரு பதிவேட்டில், அதே புயல்.

பாதிப்பு என்ற பத்தியில் யாருடைய பாதிப்பு எழுதப்படுகிறது என்பதும் என் மனத்தை உறுத்தும் கேள்வி. ஒப்பந்தக்காரரின் பதிவேடு அவருடைய ரூபாயையும் நாட்களையும் அளக்கிறது. திறந்து கிடக்கும் பள்ளத்தால் ஆறு மாதம் வாடிக்கை இழந்த பெட்டிக்கடைக்காரரின் நஷ்டம் அதில் பூஜ்யம்; பலகை போட்ட நடைபாதையில் இருட்டில் கடந்து போகும் முதியவருக்கு வரி கிடையாது. உயிரை 9 கோடிக்குள் அடக்கி 4 என்று எண் போடுவது கணக்கின் குறை மட்டுமன்று, நியாயத்தின் குறையும்கூட என்றே நான் கருதுகிறேன். உயிர் போகக்கூடிய வரிகளைப் பெருக்கலுக்கு உட்படுத்தாமல் தனித் தாளில் வைத்து, வாய்ப்பு எவ்வளவு குறைவானாலும் தடுப்பு ஏற்பாடு பூர்த்தியாகும் வரை வேலை தொடங்கக் கூடாது என்பதே அங்கே விதியாக இருக்க வேண்டும்.

மற்ற வரிகளுக்குச் செய்யக்கூடியது கடினமன்று. எண்ணுக்குப் பதிலாகச் சதவிகிதத்தையும் ரூபாயையும், குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று எழுதலாம். எந்த நீளத்துக்கு, எந்த மாதத்துக்கு என்று பக்கத்திலேயே குறிக்கலாம். ஒரே காரணத்தால் எழக்கூடிய வரிகளை ஒரு தலைப்பின் கீழ்க் கொண்டுவந்து, அந்தக் காரணம் நேர்ந்த ஒரு நாளை முழுதாகக் கற்பனை செய்து மொத்த நஷ்டத்தைக் கூட்டிப் பார்க்கலாம். மணலிப் பள்ளத்தின் வரி அப்போது இப்படி இருக்கும்: 'செப்டம்பர் 30க்குள் மூடி முடிக்க இயலாத பகுதியை ஆகஸ்டு 15க்குப் பின் தோண்டுவதில்லை, மழை எச்சரிக்கை வந்ததும் டீசல் மோட்டார் இரண்டு தளத்தில் நிற்க வேண்டும், பொறுப்பு, தளப் பொறியாளர்.' இந்த வரிக்கு நிறம் தேவைப்படவில்லை.